வரவேற்பறையில் ஒரு மொட்டைமாடி

என் வீட்டுக்காரருக்கு உயரம் என்றால் குலை நடுங்கும். அவருடைய தங்கை எடுக்கும் குறும்படத்திலோ அவர் பன்னிரண்டாவது மாடியின் விளிம்பில் நின்று கீழே பார்க்கவேண்டும். நிஜ மாடிக்கு இரண்டு தடவை போய்ப் பாதிப் படியிலேயே திரும்பிவிட்டார். இன்றும் முடியாவிட்டால் வேறு நடிகர் என்று நாத்தனார் சொல்லிவிட்டாள். வேஷம் கைவிட்டுப் போகும் கவலையில் மனிதர் காலையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

கேமரா என் பொறுப்பு. வரவேற்பறையில் பெரிய டிவியை நிறுத்தி, உயரத்திலிருந்து எடுத்த நகரக் காட்சியை ஓடவிட்டேன். அதற்கு முன்னால், கவிழ்த்த பெட்டிமேல் அவர்.

முதலில், கேமராவில் பார்த்தால் டிவி திரையில் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்தன. டிவி நொடிக்கு அறுபது தடவை படத்தைப் புதுப்பிக்கிறது. கேமராவை நொடிக்கு முப்பது ஃப்ரேமில் வைத்து, ஷட்டரை நொடியில் அறுபதில் ஒரு பங்காக்கியதும் பட்டைகள் ஓடிப்போயின. ஆனால் நகரம் வெளுத்தது. அவர் முகம் கரிச்சட்டி. டிவி வெளிச்சத்தைக் குறைத்தால் பட்டைகள் திரும்பி வந்தன. சனியனே என்று டிவியைப் பழையபடி வைத்துவிட்டு, அவர் முகத்து விளக்கைக் கூட்டினேன். அது திரையில் பட்டுவிடாமல் அட்டையால் மறைத்தேன்.

"இன்னும் முன்னாடி வாங்க. டிவி புள்ளி புள்ளியா தெரியுது."

பெட்டியோடு நகர்ந்தார். லென்ஸை முழுக்கத் திறந்து, மிஞ்சிய வெளிச்சத்தை ஒரு கறுப்பு ஃபில்டரால் அடக்கி, அவர் கண்ணில் ஃபோகஸ் வைத்தேன். பின்னால் நகரம் மங்கி, தூரத்துக்குப் போய்விட்டது.

கீழே பார்க்கும் பார்வை சரியாக அமைய, கேமராவில் விழுவதை அப்படியே காட்டும் மானிட்டரை நாத்தனார் அவர் காலடியில் வைத்தாள். அங்கேதான் தப்பு செய்தோம். அதில் அவர் தன்னையே பார்த்தார், பன்னிரண்டாவது மாடி விளிம்பில்.

"ஐயோ!" என்று குதித்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, அது ஒரு சாண் பெட்டி."

"தெரியுதும்மா. காலுக்குத் தெரிய மாட்டேங்குதே."

யாரும் சிரிக்கவில்லை. நாத்தனார் தரையைப் பார்த்தபடி, "பரவாயில்லண்ணா. நான் வேற ஆள் பார்த்துக்கறேன்," என்றாள். அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"மானிட்டரை எடுத்துடறேன், நீங்க சும்மா தரையைப் பாருங்க," என்றேன்.

அவர் என் கையை விட்டார்.

"வேணாம். அது அங்கயே இருக்கட்டும். அதைப் பார்த்துக்கிட்டே நிக்கிறேன்."

ஏறினார். முழங்கால்கள் வெடவெடத்தன; அவை ஃப்ரேமுக்கு வெளியே. ஃபோகஸ் வளையத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையை அவர் பக்கம் நீட்டினேன்.

அவர் அதைப் பிடிக்கவேயில்லை. நாத்தனார் "கட்" சொன்ன பிறகும் கீழேயே பார்த்துக்கொண்டு நின்றார்.