நூறிலிருந்து இறங்காத வட்டு

பக்க வடிவமைப்பாளரான அப்பெண் ஆண்டுக்கணக்காகத் தொகுத்த அகராதி, மறுநாள் அச்சகத்திற்குச் செல்ல வேண்டியிருந்தது. அது அவளுடைய கணினியிலும், அதனுடன் எப்போதும் செருகப்பட்டிருக்கும் வெளிவட்டிலும் (எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்) மட்டுமே இருந்தது. எனினும் அன்று காலை முதல் அக்கணினி அசைய மறுத்தது. ஆகவே, கணினி பழுதுபார்க்கும் தன் அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“அப்டேட் ஓடும். விடு, தானா அடங்கும்,” என்றான் அவன்.

மாலை வரை அது அடங்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு அவனே நேரில் வந்தான்.

“ஆமைக்குக் கால்கட்டு போட்ட மாதிரி இருக்கு. என்னடி தீனி போட்ட இதுக்கு?”

“போன மாசம்தான் ராக்கெட் மாதிரி ஆக்கிட்டேன்னு பீத்திக்கிட்டியே அண்ணா.”

சிரித்துக்கொண்டே அவன், ஓடும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தான். வட்டின் பயன்பாடு நூறு விழுக்காட்டில் நின்றது. தேடல் சேவையை ஐயுற்று நிறுத்தினான், எண் இறங்கவில்லை. பின்னர், வட்டை மிகுதியாக உண்ணும் நிரல் மேலே வருமாறு அடுக்கினான். அறிமுகமற்ற ஒரு பெயர் முதலிடத்தில் அமர்ந்திருந்தது.

“இது என்ன? நீ ஏதாச்சும் இறக்குனியா?”

“காலைல மெய்ப்பு பார்க்கிறவர் பேர்ல ஒரு திருத்தம் வந்துது. மெயில்ல. திறந்தேன், ஒண்ணும் வரல.”

அவன் ரிசோர்ஸ் மானிட்டரில் அந்நிரலைத் தேர்ந்தெடுத்தான். அது தொட்டுக்கொண்டிருந்த கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் தோன்றி மறைந்தன. அவை வெளிவட்டில் உள்ளவை. ‘ர’ தொகுதி, ‘ல’ தொகுதி. ஒவ்வொன்றும் வாசிக்கப்பட்டது, உடனே மாற்றி எழுதப்பட்டது.

அவன் வெளிவட்டைப் பிடுங்கினான். இணையக் கம்பியையும் பிடுங்கினான். நிரலை நிறுத்தினான். பயன்பாடு இரண்டு விழுக்காட்டிற்கு வீழ்ந்தது.

“சரியாயிடுச்சா?” என்று அவள் கேட்டாள்.

அவன் கணினியிலிருந்த அகராதிக் கோப்புறையைத் திறந்தான். எவ்விதத் தாமதமுமின்றி அது திறந்தது. ஒவ்வொரு பெயரின் இறுதியிலும் பொருளற்ற எழுத்துகள் ஒட்டியிருந்தன. பக்கத்திலேயே, பூட்டிய கோப்புகளைத் திறந்துவிடப் பணம் கேட்கும் அறிவிப்பொன்று இருந்தது. பழைய நிலைக்கு மீட்கும் பதிவுகளைத் தேடினான், அவையும் அழிக்கப்பட்டிருந்தன. பிறகு, தொற்று பரவுமென்று அஞ்சி, வெளிவட்டைத் தான் கொண்டுவந்த மடிக்கணினியில் பொருத்தாமலேயே மேசைமீது வைத்தான்.

“இதுல ‘வ’ தொகுதி மட்டும் தப்பிச்சிருக்கும். அவ்வளவுதான்மா.”

“ஆன்ட்டி வைரஸ் இருக்கே? அது பார்த்துக்காதா?”

அவன் வெளிவட்டின் கம்பியைச் சுற்றிவைத்தான்.

“வட்டைத் தின்னுதுன்னு போன மாசம் நான்தான் தூக்கிட்டேன்.”

அவள் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். அந்நேரம் அவளது கைபேசி ஒலித்தது.

“அச்சகத்துக்காரர்,” என்றாள்.

“எடு.”

“எடுத்து என்ன அண்ணா சொல்ல? வேகமாயிடுச்சுன்னு சொல்லவா?”

இருவருமே அதனைத் தொடவில்லை. ஒலித்து ஓய்ந்த கைபேசி, மீண்டும் ஒலிக்கத் தொடங்கியது.