காலிப் பெட்டி

வலித் தைலத்துக்கான சினிமா விளம்பரம். கூலிக்காரர் ஒருவர் கனத்த பெட்டியைத் தூக்க, இடுப்பு பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான் காட்சி. கோடம்பாக்கத்துக் கார்ட்டூன் ஸ்டுடியோவில் குருநாதன் அதை இரண்டு முறை வரைந்தும் தேறவில்லை. வரைந்த தாள்களைப் படம்பிடித்து ஓட்டிப் பார்த்த ஸ்டுடியோ முதலாளி தர்மராஜ் சிரித்தார்.

"யோவ், உம்ம ஆளு பூக்கூடையில்ல தூக்குறான்? கனமே இல்லாம இடுப்பு எங்கேருந்து பிடிக்கும்? திங்கக்கிழமைக்குள்ள வரலேன்னா வேற ஆளப் பாத்துக்குறேன்."

இது தேறினால் வேலை நிரந்தரம். அறை பார்த்து, ஊரிலிருக்கும் மனைவி அம்சவள்ளியை அழைத்துக்கொள்ளலாம். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவளோடு இருந்த நாட்களைச் சேர்த்தால் ஒரு மாதம் தேறாது.

சனிக்கிழமை விருத்தாசலம் வழியாக ஆண்டிமடம் போய் இறங்கினான். அவள் பஸ் நிறுத்தத்திலேயே நின்றாள். அவன் கையில் தகரப் பெட்டியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"நவுருங்க, நான் தூக்குறேன்."

கால்களை அகட்டி நின்றாள். முந்தானையைச் செருகினாள். முழங்கால் மடிய உட்கார்ந்தாற்போல் தாழ்ந்து, பிடியைப் பற்றி, மூச்சை இழுத்து அடக்கினாள். கைகள் கயிறாக விறைத்தன. ஒரே தம்மில் எழுந்தாள்.

பெட்டி துள்ளி மேலே வந்தது. அவள் பின்னால் தள்ளாடி விழப்போனாள். டீக்கடையில் சிரிப்பு.

"என்னங்க, ஒண்ணுமே இல்ல?"

"ரெண்டு சட்டைதான். பையி கிழிஞ்சிட்டு, அதான் பெட்டி."

"நான் எல்லாத்தயும் கட்டிக்கிட்டு வந்துட்டீங்கன்னு நெனச்சேன்." அவள் சிரித்தாள், கண் சிரிக்கவில்லை.

இரவெல்லாம் அவள் தாழ்ந்த அந்தக் கணமே அவனுக்குள் ஓடியது. பெட்டி காலிதான். ஆனால் அவள் எழும் வரை யாரும் அதைக் காலி என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

கிளம்பும்போது பெட்டியை எடுத்தான். அவள் தடுத்தாள். "இது இங்கயே கெடக்கட்டும். நான் வரப்ப எனக்கு வேணும்ல?" மஞ்சள் பையில் சட்டைகளை வைத்துக் கொடுத்தாள்.

ஞாயிறு இரவே ஸ்டுடியோவுக்குத் திரும்பி வரைய உட்கார்ந்தான். முன்பு வரைந்ததில் கூலிக்காரரின் கை பட்டதுமே பெட்டியைக் கிளப்பியிருந்தான். இப்போது அவர் கால் அகட்டினார், தாழ்ந்தார், மார்பு விரிய மூச்சை அடக்கினார். கைகள் விறைத்த பிறகும் பல தாள்களுக்குப் பெட்டியை அசையவிடவில்லை. இடுப்பு முதலில் எழுந்தது. உடல் பின்னால் சாய்ந்தது. அப்புறம்தான் பெட்டியின் ஒரு மூலை, தாளுக்குத் தாள் மயிரிழையாக.

திங்கட்கிழமை மாலை ஓட்டிப் பார்த்தபோது தர்மராஜ் தம்மையறியாமல் மூச்சை அடக்கியிருந்தார். பெட்டி மேலே வந்ததும்தான் விட்டார்.

"எங்கய்யா பாத்த இத?"

"ஊர்ல, சார். பஸ் ஸ்டாப்புல."

"யாரு, மூட்டை தூக்குறவனா?"

குருநாதன் அறை பார்க்க ஒரு நாள் லீவு கேட்டான். எழும்பூரில் அவள் இறங்குவாள். இந்த முறை அந்தப் பெட்டியைத் தூக்கப்போவது அவன், கனமாகத்தான் இருக்கும்.