படத்தில் இருந்த பெண்

படத்துல தாடையக் குறைச்சது நீதான், நான் கண்ணத்தானே கொஞ்சம் பெருசாக்குனேன், பொய் சொல்லாதக்கா, நிறத்த ஏத்துனது யாரு, நீ குடுத்த படம் திருத்துற ஆப்புதான்டி, குடுத்தேன், அதுல கோட்டக் கடைசி வரைக்கும் இழுக்கச் சொன்னேனா, என்று தங்கை உமையாளும் நானும் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறிக்கொண்டிருக்கிறோம், லால்குடியில் திருச்சி பேருந்து இன்னும் கிளம்பவில்லை, என்னைத் தேர்வுக்கு வழியனுப்ப வந்தவள் ஜன்னலுக்குக் கீழே நின்று, பேசாம இப்பவே ஒரு படம் எடுத்து உன் ஃப்ரெண்டுக்கு அனுப்பு, இப்படித்தான் இருப்பேன்னு, என்கிறாள், ரெண்டு வருஷம் கழிச்சா, என்று நான் கேட்டதும் ஓட்டுநர் ஹாரன் அடித்துவிட்டார், அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

அசல் படம் இப்போது என்னிடமே இல்லை, சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் நானே கையை நீட்டி எடுத்தது அது, முதலில் பருவைத்தான் தொட்டேன், தொட்ட இடத்தில் ஆப்பே பக்கத்துத் தோலை எடுத்து மூடிவிடுகிறது, என்ன தப்பு, பரு நாலு நாளில் போய்விடுவதுதானே என்று சொல்லிக்கொண்டேன், அடுத்த மாதம் அந்தப் படத்தின் மேலேயே தாடையை விரலால் உள்ளே தள்ளினேன், பின்னால் இருந்த டைல்ஸ் கோடும் கூடவே வளைந்துவிட்டது, அதை மறைக்கப் பின்னணியை மங்கலாக்கினேன், முகத்தை வெளுப்பாக்கினால் கழுத்து அப்படியே நின்றது, கழுத்தையும் விரலால் தடவித் தடவி வெளுக்க வைத்தேன், ஒவ்வொரு முறையும் மாற்றியதன் மேல் மாற்றியதால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தான் என்று தோன்றியது, ஒருநாள் போனில் இடமில்லை என்று பழைய படங்களை எல்லாம் அழித்தபோது அசலும் போய்விட்டது, இந்த இரண்டு வருடத்தில் தைராய்டும் உட்கார்ந்து உட்கார்ந்து படிப்பதுமாக என் முகம் உப்பி ஒரு பக்கம் போனது, படம் இன்னொரு பக்கம் போனது.

ஜெபஷீலா அந்தப் படத்தைத்தான் அறிவாள், என் குரலையும், அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்களின் வாட்ஸப் குழுவில் கிடைத்தவள், நாகர்கோவில்காரி, விடியற்காலை ஐந்து மணிக்குக் குரல் பதிவில் கேள்வி அனுப்புவாள், நான் தேநீர் கொதிக்கக் கொதிக்கப் பதில் சொல்வேன், வீடியோவில் கூப்பிட்டால் நெட்டு சரியில்லை என்பேன், அவளோ தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிற படத்தை அப்படியே அனுப்பியவள், எம் மூஞ்சியப் பாத்துப் பயந்துராதட்டி, நீ என்ன நடிகை மாதிரில்லா இருக்க, என்றாள் கூடவே, போன தடவை தேர்வு வாசல் வரைக்கும் வந்து, உள்ளே போகப் பயந்து, அப்படியே பஸ் ஏறி வீட்டுக்குத் திரும்பிவிட்டவள் அவள், இந்தத் தடவை உங் கையப் புடிச்சிட்டுத்தான் உள்ள போவேன் என்று எனக்காகவே திருச்சியை மையமாக எழுதினாள், இருவருக்கும் தேர்வெழுத ஒரே பள்ளி விழுந்தபோது அவள் போனில் அழுதாள், நான் சந்தோஷம்டி, சந்தோஷம்டி என்றேன், கண்ணாடியைப் பார்த்தபடி.

பள்ளி வாசலில் அவளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, படத்தில் இருந்த அதே முகம், சிரிப்பு மட்டும் இல்லை, போனை அணைத்துப் பையில் போட்டுவிட்ட நான் வேப்ப மரத்தடியில் நிற்கிறேன், அவள் பார்வை என் மேல் விழுகிறது, கடந்து போகிறது, திரும்ப விழுகிறது, கடந்து போகிறது, கனவில் நம்மைத் தாண்டிப் போகிறவர்களைக் கூப்பிட முடியாதே, அப்படி நிற்கிறேன், அவள் நேராக என்னிடமே வருகிறாள், போனை நீட்டுகிறாள், அக்கா, இந்தப் பிள்ளைய எங்கயாவது பாத்தியளா, போன் போட்டா சுவிட்ச் ஆஃப்னு வருது, திரையில் நான், வெளுத்த கழுத்தும் பெரிய கண்ணுமாக, வகிடு வேறு இடம்வலம் மாறி, என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், அக்கா என்றாளே, வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், தலையை மட்டும் ஆட்டினேன், இல்லை.

வாட்ச்மேன் கத்துகிறார், ஒம்போது மணிக்கு கேட்ட மூடிருவேன், அப்புறம் எங்கிட்ட அழக்கூடாது, அவள் கெஞ்சுகிறாள், அஞ்சு நிமிசம் அண்ணாச்சி, எங் கூட்டுக்காரி வந்துருவா, அவ இல்லாம என்னால முடியாது, எல்லாரும் உள்ளே போகிறார்கள், நானும் போய்விடலாம், யாருக்கும் தெரியாது, அவள் கைக்குட்டையை உள்ளங்கைக்குள் சுருட்டிச் சுருட்டிப் பிடித்தபடி ஒரு எட்டு பின்னால் வைக்கிறாள், இன்னொன்று, பேருந்து நிறுத்தம் இருக்கும் பக்கமாக, இரண்டு வருட விடியற்காலைகள் அந்தக் காலில் பின்னோக்கி நடக்கின்றன, ஷீலா, எங்கடி போற, உள்ள வா, என்று என் குரல் எனக்கே களைப்பாகக் கேட்கிறது.

அவள் திரும்பினாள், குரல் வந்த இடத்தைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், மறுபடி என்னை, கிட்டே வந்து என் கையைப் பிடித்தாள், விறைத்துக் கிடந்தது அவள் கை, இழுத்துக்கொண்டு ஓடினேன், கேட் எங்கள் முதுகுக்குப் பின்னால் மூடிக்கொண்டது, மூச்சு வாங்க நின்றோம், முகம் வேற மாதிரி இருக்குன்னா இருந்துட்டுப் போட்டும், என்றாள், கையை விடாமல், நான் கேக்கும்போ ஏம்ட்டி இல்லன்னு தலைய ஆட்டுன?