தலைக்கு மேலே கொஞ்சம் சுவர்

'கைத்தடம்' மாத இதழின் மூன்றாவது அட்டை அது. வடிவமைப்பாளர் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அதில் இருந்த பொறியாளர் அம்மாவின் தலை, இதழ்ப் பெயரின் நடு எழுத்துகளை விழுங்கிவிட்டது. மிச்சம் தெரிந்தது 'கைடம்'.

"கைடம்னு ஒரு பத்திரிகைய யாரு வாங்குவா?" என்றார் ஆசிரியர். ஐம்பது வருஷப் பத்திரிகை என்றால் பாதிப் பெயர் மறைந்தாலும் வாசகர் கண்டுகொள்வார், பிறந்து மூன்று மாதமான குழந்தைக்கு முகம் முழுசாகத் தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி. கடைத் தட்டில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும்போது மேல்பகுதி மட்டும்தானே வெளியே நிற்கும்.

படத்தைச் சிறிதாக்கினால் தலை கீழே இறங்கியது. ஆனால் மேலே வெள்ளையாக ஒரு பட்டை. அங்கே சுவரை வரைந்து நிரப்பலாம். அதற்கு ஆசிரியர் விடமாட்டார். உருவப்படத்தில் எதையும் சேர்க்கவோ அழிக்கவோ கூடாது என்று முதல் இதழின்போதே அலுவலகச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்.

படம் எடுத்தவன் வடிவமைப்பாளரான அவளுடைய கொழுந்தன். அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். முழுப் படத்தை அனுப்பு என்று போனில் கேட்டாள்.

"அவ்வளவுதான் அண்ணி. கேமராவுல வந்ததே அதான்."

அவள் கோப்பின் அளவைப் பார்த்தாள். அகலம் நாலாயிரம் புள்ளி, உயரம் நாலாயிரத்து முந்நூறு. அவன் கேமரா எடுக்கும் படம் அகலத்தைவிட ஒன்றரை மடங்கு உயரம். ஆறாயிரம் இருக்க வேண்டிய இடத்தில் ஆயிரத்தெழுநூறு எங்கே போனது? யாரோ மேலே வெட்டியிருக்கிறார்கள். வெட்டியவன் பொய்யும் சொல்கிறான்.

அதற்கப்புறம் அவளுக்கு எல்லாமே கோணலாகத் தெரிந்தது. அந்த அம்மா யாரையும் வீட்டுக்குள் விடமாட்டார் என்று கேள்வி. இவனை மட்டும் எப்படி விட்டார்? வேறு யாரோ எடுத்த படமா? வெட்டிய மேல்பகுதியில் இருந்தது எடுத்தவரின் பெயரா? அட்டையின் இடது பக்கத்தில் 'ஆறு பாலங்கள், ஒரு பெண்', 'வாடகை வீடு: கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்' என்று வரிகளை அடுக்கிக்கொண்டே யோசித்தாள். வரிகள் தோளை ஒட்டி நின்றன, கண்ணைத் தொடவில்லை. அவள் மனம்தான் ஓரிடத்தில் நிற்கவில்லை.

மதியம் தன் சந்தேகத்தை ஆசிரியரிடம் சொல்லிவிட்டாள். மாலைக்குள் தெளிவாகாவிட்டால் அட்டையையே மாற்றிவிடலாம் என்றார் அவர். சொந்தக் கொழுந்தனைக் காட்டிக் கொடுத்தாயிற்று.

பெயரின் எழுத்தைச் சரிபார்ப்பதாகச் சாக்குச் சொல்லி அந்த அம்மாவுக்கே போன் செய்தாள். பேச்சோடு பேச்சாக, படத்தில் தலைக்கு மேல் இடமில்லை என்றாள்.



"நான்தாம்மா வெட்டச் சொன்னேன். யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னும் கேட்டுக்கிட்டேன். மேல் மாடிக் குழாய் ஒழுகி சுவரெல்லாம் கறை. ஆறு பாலம் கட்டினவ வீட்டுல இப்படியான்னு சிரிப்பாங்க இல்ல?"

அவள் மெதுவாக விளக்கினாள். இதழின் பெயர் விழும் இடமே அந்தச் சுவர்தான். தடித்த எழுத்தை அடர் பழுப்பில் போட்டால் கறையின் பெரும்பகுதி அதற்குப் பின்னால் போய்விடும். எழுத்துக்கு இடையில் எட்டிப் பார்ப்பது நிழல் போலத் தெரியும். படத்தில் எதையும் தொட வேண்டியதில்லை. அச்சுக்குப் போகும் முன் காட்டுகிறேன் என்றும் சொன்னாள்.

முழுப் படத்தை அந்த அம்மாவே கொழுந்தனிடம் கேட்டு வாங்கி அனுப்பினார். தலைக்கு மேல் தாராளமாகச் சுவர். 'கைத்தடம்' ஓர் எழுத்தும் மறையாமல் அதில் உட்கார்ந்தது. மாதிரியைப் பார்த்த அம்மா, முதல் எழுத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் தெரிகிறதே என்று கேட்டுவிட்டு, "சரி, இருக்கட்டும். ஒழுகுறது ஒழுகுறதுதானே" என்றார்.

ஆசிரியருக்கும் விஷயத்தைச் சொன்னாள். அவர் தலையசைத்தார், அவ்வளவுதான்.

கொழுந்தன் மறுநாள் அலுவலகத்துக்கு வந்தான். அச்சான மாதிரியைப் பார்த்தான். நாற்காலியில் உட்காரவில்லை.

"திருடின படம்னு நினைச்சீங்களா அண்ணி? ஆசிரியர் சொன்னாரு. என்கிட்டயே கேட்டிருக்கலாம்ல."

"கேட்டேன். நீ பொய் சொன்ன."

"வாக்குக் கொடுத்திருந்தேன்."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. அதனாலேயே யாருக்கும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் சாப்பிட வரவில்லை. தம்பிக்கு என்ன ஆச்சு என்று கணவர் கேட்டார். வேலை இருக்கும் என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்க்காமல்.