நான்கடி வழி

தையல்காரிக்கு அண்ணன்மேல் எந்தக் குறையும் இல்லை. இருந்திருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும். சண்டைக்காரரிடம் எழுதி வாங்கிவிடலாம். பாசக்காரரிடம் எப்படி வாங்குவது?

அப்பா விட்டுப்போன வீடு ரயில்பெட்டி மாதிரி நீளம். மூன்று பக்கமும் அடுத்தவர் சுவர். தெருவுக்கு இருப்பது ஒரே வாசல். முன்பாதி அண்ணனுக்கு, பின்பாதி தங்கைக்கு என்று பேசி முடித்திருந்தார்கள். இதுவரை வாசலோரத்து அறையில் தைத்துக்கொண்டிருந்தவள் இனி மெஷினைத் தூக்கிக்கொண்டு பின்னால் போக வேண்டும். துணி கொண்டுவருகிறவர்களும் அங்கேதான் வர வேண்டும். அவர்கள் வந்தால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும்.

வரைபடம் போட வந்த இன்ஜினியரம்மா கறாரான ஆள். வாசலிலிருந்து பின்பாதிவரை நான்கடி அகலத்துக்குப் பொது வழி விட வேண்டும் என்றார். வழிக்குப் போகிற இடத்தை முதலில் கழித்துவிட்டு மீதியைத்தான் சரிபாதியாக்க வேண்டும். மாடிப்படியும் மின்சார மீட்டர்களும் வழியிலேயே இருக்கும். வழியை யாரும் பூட்டக்கூடாது, அடைக்கக்கூடாது, விற்கக்கூடாது என்று பத்திரத்தில் எழுத வேண்டும். வழியைப் பார்த்த ஜன்னல்களை ஆள் உயரத்துக்கு மேலே வைத்தால் போகிறவர் கண்ணில் வீட்டுக்குள் இருக்கிறவர் படமாட்டார்.

அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. நான்கடி போனால் கூடத்தில் அவருடைய சோபாவுக்கு இடமில்லை. சோபாவைப் பற்றிப் பேச அவருக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும், பாசத்தைப் பற்றிப் பேசினார்.

"என் தங்கச்சிக்கு நான் வழி மறிப்பேனா? கூடத்து வழியாவே வரட்டும், போகட்டும். இதுக்கெல்லாம் எழுத்து எதுக்கு?"

எழுதிக் கொடுங்கள் என்று தையல்காரி கேட்டால் அண்ணனை நம்பவில்லை என்றாகிவிடும். கேட்காவிட்டால் நாளைக்கு அவள் பிழைப்பு இன்னொருவர் கூடத்தில் தொங்கும். இன்ஜினியரம்மா அவள் முகத்தை ஒருமுறை பார்த்தார். பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, சுவர் வரவேண்டிய இடத்தில் தரையில் ஒரு கோடு கிழித்தார். பத்திரம் எழுதுவதற்கு முன்னால் அண்ணன் சொன்னபடியே ஒரு வாரம் இருந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாளே மெஷின் பின்னால் போயிற்று. முதல் நாள் அண்ணன் வந்தவர்களையெல்லாம் வாய் நிறைய வரவேற்றார். இரண்டாம் நாள் பாவாடைக்கு அளவு கொடுக்க வந்த அம்மாள் அவருடைய சோபாவிலேயே உட்கார்ந்து அவர் பார்க்கும் டி.வி. தொடரை முடியும்வரை பார்த்தாள். மூன்றாம் நாள்தான் அமர்க்களம். பாதி மழித்த முகமும் இடுப்பில் துண்டுமாக அவர் கூடத்தில் நின்ற நேரத்தில், கல்யாணப் பெண்ணும் அவளுடைய ஐந்து அத்தைகளும் திமுதிமுவென்று நுழைந்தார்கள். அண்ணன் ஒரே தாவலில் குளியலறைக்குள் புகுந்துகொண்டார். ஆறு பேருக்கு அளவெடுத்து முடிய முக்கால் மணி நேரம். போகிற வழியில் அத்தைகள் அண்ணியோடு உட்கார்ந்து பேச இன்னொரு அரைமணி. உள்ளேயிருந்து இருமல் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. தையல்காரி சிரிப்பை அடக்க வாயில் நூலைக் கடித்துக்கொண்டாள்.

நான்காம் நாள் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மத்தியானம் அண்ணன் வாசல் கதவைத் தாழ்போட்டுவிட்டு நிம்மதியாகக் கண்ணயர்ந்தார். கல்யாணத் துணிகளோடு வந்த மூத்த அத்தை கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த தெருத் தையல் கடையில் கொடுத்துவிட்டாள். சாயங்காலம் போனில் விஷயம் தெரிந்தது. ஒரு மாதத்து வேலை அது.

இன்ஜினியரம்மாவையும் அன்றைக்கே வரவழைத்தார்கள். அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு, தெரிந்து செய்யவில்லை, அசந்து தூங்கிவிட்டேன், அவ்வளவுதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பொய்யில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நீங்க தூங்கினதுக்கே என் வழி அடைஞ்சு போச்சுண்ணா" என்றாள்.

அண்ணன் சோபாவின் ஒரு முனையைத் தானே பிடித்து இழுத்து, சுவரோரம் நான்கடியை ஒழித்துக் கொடுத்தார். "எழுதிடுங்க மேடம். நான் தூங்கினாலும் இருக்கிற வழியா எழுதுங்க."

பத்திரம் பதிவாகி, சுவர் எழும்ப மூன்று மாதம் ஆயிற்று. பூச்சு காய்ந்த பிறகு தையல்காரி தன் பாகத்துக் கதவை முதல்முறையாக உள்ளிருந்து சாத்தினாள். மெஷினில் உட்கார்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, கதவு தட்டும் சத்தம்.

"யாரு?"

"நான்தாம்மா. உள்ள வரலாமா?"

நாற்பது வருஷமாக அவள் இருக்கும் அறைக்குள் கேட்காமல் வந்து போன அண்ணன். ஓடிப்போய்த் திறக்கத்தான் கை பரபரத்தது. ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிடித்த தையலை நிதானமாக முடித்த பிறகே எழுந்தாள். வழியில் அண்ணன் காத்துக்கொண்டு நின்றார்.