தையல்காரியின் லாபப் பங்கு

வேறு ஊரில் பிடித்த வாடகை அறைக்கு அன்று மாலைக்குள் முன்பணம் கட்ட வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுவை விட்டு விலகக் கூட்டத்துக்கு வந்திருந்த தையல்காரியால் நிலைகொள்ள முடியவில்லை. கால் தானாகவே, இல்லாத தையல் மெஷினை மிதித்தது. அந்த அதிர்வில் எதிர் நாற்காலி தலைவியோடு வாசல்வரை நகர்ந்துவிட்டது.

"உன் சேமிப்புல கடன் பாக்கிய கழிச்சாச்சு. இந்தா, மீதி," என்றாள் தலைவி, வாசலிலிருந்தே.

"வட்டி லாபத்துல என் பங்கு, அக்கா?"

"அது வருஷக் கடைசிவரை இருக்கறவங்களுக்குத்தான்டி."

குழுவிலிருந்த காய்கறிக்காரி தலைவியை விடவில்லை. "உன் மருமக பாதியில விலகினப்போ லாபத்தோடதானே குடுத்தோம்? இவ காசு மட்டும் பெட்டியில தூங்கிச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். பங்கு தரலாம் என்று கைகள் உயர்ந்தன. தலைவியின் கை கடைசியாக உயர்ந்தது.

"சரி, ஆனா பெட்டியில ஏது காசு? எல்லாம் கடன்ல வெளிய நிக்குது," என்றாள்.

தையல்காரியின் கால் மறுபடி மிதிக்கத் தொடங்கியது.

"இன்னைக்கு வசூலானதைக் குடுங்க," என்றாள் காய்கறிக்காரி. "நான் கேட்ட கடன் அடுத்த கூட்டத்துக்கு நிக்கட்டும்."

தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு, தையல்காரி பஸ்ஸுக்கு ஓடினாள்.

"அடியே, நான் தைக்கக் குடுத்த துணிடீ!" என்று காய்கறிக்காரி பின்னாலேயே ஓடினாள்.