எந்த ர?

கல்லில் விழுந்த எழுத்தை அழிக்க ரப்பர் கிடையாது. கல்லறைக் கல் செதுக்கும் அந்தக் கடையில் இதை எல்லோரையும் விட நன்றாகத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்: எழுத்தைக் கல்லில் இறக்கும் தம்பி, அதற்கு முன் அதைப் பார்த்துச் சரி சொல்லும் அக்கா.

தம்பிக்கு ரகரமும் றகரமும் ஒன்றுதான். அவன் காதுக்கும் நாக்குக்கும் அவற்றில் வித்தியாசம் தெரிந்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடிகளில் பாதி அதற்காகத்தான் என்பான். அதனால் கடையில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வீட்டார் அனுப்பும் வாசகத்தை அவன் கணினியில் ஏற்றி, தடித்த ரப்பர் தாளில் வெட்டிக் கல்லின் மேல் ஒட்டுவான். எழுத்து இருக்கும் இடமெல்லாம் ரப்பரை உரித்தெடுத்துவிட்டு அக்காவைக் கூப்பிடுவான். அவள் கல்லருகே வந்து நிற்பாள். அவன் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொண்டே போவான்.

"பெற்றோர். எந்த ர?"

"நடுவுல பெரிசு. இரட்டிச்சு வந்தா எப்பவும் பெரிசுதான்டா, சின்னது இரட்டிக்காது. கடைசியில சின்னது. சரியா இருக்கு."

அந்த 'சரியா இருக்கு' காதில் விழுந்ததும் அவன் மணலை ஊதும் கம்ப்ரஸரைப் போடுவான். மணல் சீறிக்கொண்டு போய், ரப்பர் இல்லாத இடத்தையெல்லாம் தின்றுவிடும். பிறகு யார் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது.

வாடிக்கையாளர்கள் அவளை 'பெரிய ற அம்மா' என்று கேலி செய்வார்கள். அவளும் விடமாட்டாள். "என் தம்பிக்குக் கையில பலம் குடுத்த கடவுள் எழுத்தை மட்டும் என்கிட்ட குடுத்துட்டான்" என்பாள். கணவன் போன பிறகு அவள் அந்தக் கடைக்கு வந்தவள். தம்பி வீட்டுச் சாப்பாட்டைத் தலைநிமிர்ந்து சாப்பிட அவளிடம் இருந்த உரிமை அந்த ஒரு வேலைதான்.

ஒரு குழந்தையின் கல் வீணாய்ப்போனது மழைக்காலம் முடிந்த சமயத்தில். ஆறு வயதுப் பெண் குழந்தை. தகப்பன் ஒரு பேருந்து ஓட்டுநர். பெயருக்குக் கீழே 'எங்கள் வீட்டின் சிறகு' என்று போடச் சொல்லியிருந்தான். கல்லைக் கொண்டுபோக வந்தவன் அதன் முன் குந்தி உட்கார்ந்து, அந்த வரியில் விரலை வைத்து நகர்த்தினான். ஓரிடத்தில் விரல் நின்றது.

"சிறகுக்குப் பெரிய ற தானே வரும்?" என்று கேட்டான். குரலில் கோபமே இல்லை. "எனக்கும் தெரியாது. அவதான் சொல்லுவா. வாசல்ல நான் சுண்ணாம்புக்கட்டியால இந்தச் சொல்லை எழுதினப்ப, 'அப்பா, அது தப்பு'ன்னு அழிச்சிட்டு எழுதிக் காட்டினா."

தம்பி வேறு கல் தருவதாகச் சொன்னான். ஓட்டுநர் தலையாட்டிவிட்டு எழுந்து போனான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அக்கா வாசற்படியில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தான் பெரிசு என்றுதான் சொன்னதாகச் சொன்னாள். அது உண்மை. அவள் பெரிசு என்று சொன்னது அவனுக்கு நினைவிருந்தது. தட்டெழுதியது தானே என்பதால் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டான். ஆனால் ராத்தூக்கம் போயிற்று. அவள் சொன்னது சரி. கல்லில் இருந்தது தப்பு. அப்படியானால் 'சரியா இருக்கு' என்று எதைப் பார்த்துச் சொன்னாள்?

அதற்குப் பிறகுதான் மற்றவை கண்ணில் பட ஆரம்பித்தன. அவள் இப்போதெல்லாம் வாசகத்தைப் படிப்பதில்லை. அவன் படிக்கக் காத்திருக்கிறாள். தேநீர் டம்ளரை எடுக்கும்போது கை முதலில் மேசையைத் தடவுகிறது. செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு அதே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

மனசு கேட்காமல்தான் அதைச் செய்தான். உடைந்த பலகைக் கல் ஒன்றில் தாள் ஒட்டினான். இந்தத் தடவை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொல்லுக்குச் சொல் பார்த்து, வேண்டுமென்றே எழுத்தை மாற்றி வெட்டினான். மறவாத என்பதில் சின்னது, வருத்தம் என்பதில் பெரிசு, உறவினர் என்பதில் முதலில் சின்னது, ஆறுதல் என்பதிலும் சின்னது. புது வேலை வந்திருக்கிறது என்று அக்காவைக் கூப்பிட்டான். அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மறவாத. எந்த ர?"

"பெரிசு. மற, மறதி எல்லாம் பெரிசு. சரியா இருக்கு."

"வருத்தம்?"

"சின்னது. வருந்துன்னு எழுதிப் பாரு, அதே எழுத்துதான். சரி."

"உறவினர்?"

"முதல்ல பெரிசு. உற்றார்னு சொல்றோமில்ல, அங்க இரட்டிக்குதே, அந்த வகைதான் இதுவும். கடைசியில சின்னது. சரி."

"ஆறுதல்?"

"மனசு ஆறும், இன்னொருத்தர் மனசை ஆற்றுவோம். அங்கயும் இரட்டிக்குது பாரு. பெரிசு. எல்லாம் சரியா இருக்கு, போடு."

ஒவ்வொன்றும் சரியான பதில். ஒன்றுகூட அந்தக் கல்லில் இல்லை. அவன் கம்ப்ரஸரின் பொத்தானில் கை வைத்தபடி நின்றான். அவள் காத்திருந்தாள். வழக்கமான இரைச்சல் வரவில்லை. அவள் முகம் மெல்ல மாறியது.

"எத்தனை தப்பு வச்சிருந்தே?"

அவன் பொத்தானிலிருந்து கையை எடுத்தான்.

"சொல்லுடா. எத்தனை?"

"நாலு."

அவள் கையை நீட்டி நாற்காலியைத் தேடினாள். அவன் நகர்த்திக் கொடுக்கப் போனான், வேண்டாம் என்று தானே கண்டுபிடித்து உட்கார்ந்தாள். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெரிவதாகவும், நேரே பார்த்தால் நடுவில் புகை மூட்டம் மாதிரி இருப்பதாகவும் சொன்னாள். மருத்துவர் இனி திரும்பாது என்று சொல்லிவிட்டாராம். எப்போதிலிருந்து என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் இதுவரை போன கற்களை எண்ண வேண்டியிருக்கும்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா. எது வரணும்னு நீ சொன்னாப் போதும். எது இருக்குன்னு நான் பாத்திருப்பேனே. எழுத்தோட உருவம்கூடவா எனக்குத் தெரியாது?"

அவ்வளவுதான் விஷயம். ஒருத்தி சொல்ல, ஒருத்தன் பார்த்திருந்தால் அந்தக் குழந்தையின் கல் பிழைத்திருக்கும்.

"அது எனக்குத் தோணலைன்னா நினைக்கிறே?" என்றாள் அவள். "இன்னைக்கு என்கிட்ட கேப்பே. நாளைக்கு அந்த அகராதியைப் பார்ப்பே. அப்புறம் நான் எதுக்கு இங்க?"

மேசையில் அகராதி திறந்தபடியே கிடந்தது. அவன் அதை மூடினான். மூடிய சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தக் குழந்தையின் பழைய கல் எங்கே என்று கேட்டாள். பின்கட்டில் குழாயடியில் கவிழ்த்துப் போட்டிருப்பதாகச் சொன்னான். அவள் தினமும் கால் கழுவ ஏறி நிற்கும் கல் அதுதான் என்பதைச் சொல்லவில்லை. அவளே புரிந்துகொண்டாள்.

"திருப்பிப் போடு."

கடப்பாரை கொடுத்து நெம்பித் திருப்பினான். அவள் ஈரத்தில் மண்டியிட்டாள். விரல் குழந்தையின் பெயரைக் கடந்தது, கீழே இறங்கியது, வீட்டின் என்பதைத் தாண்டியது. பள்ளத்துக்குள் சேறு அடைந்திருந்தது. நகத்தால் கீறி எடுத்தாள். 'சி'க்கு அடுத்த எழுத்துக்குள் விரல் இறங்கியது. பெரிசாக இருந்தால் வளைந்து வளைந்து இறங்கியிருக்கும். இது கோடாக இறங்கி, கீழே சின்னதாய்ச் சாய்ந்து, முடிந்துவிட்டது. மறுபடி மேலே போனாள். மறுபடி முடிந்துவிட்டது.

தம்பி வழக்கம்போலக் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

"சின்னது," என்றாள். "இங்க இருக்கிறது சின்னது."

விரலை எடுக்காமல் அப்படியே இருந்தாள்.